கட்டச் சொல்லாதே

பாறசாலை ரயில் நிலையச் சாலையில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், மொழிபெயர்ப்பு. இங்கே மலையாளத்தில் எழுதிய பத்திரம் களியக்காவிளை எல்லை தாண்டினால் தமிழில் வேண்டும், அங்கிருந்து வருகிற சான்றிதழ் இங்கே மலையாளத்தில் வேண்டும். இந்த வேலை எனக்கு வருடம் முழுக்க உண்டு. முன்பு பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தி டியூஷன் எடுத்ததால், இந்தியும் செய்து கொடுக்கப்படும் என்று போர்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த வரியைப் பார்த்துத்தான் ஒரு பெண் உள்ளே வந்தார்.

முப்பது வயது இருக்கும். கொச்சிப் பக்கம். ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி, சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பேசியதெல்லாம் மலையாளம், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"சேச்சி, தொழிலாளிகளுக்குக் காட்டுகிற பாதுகாப்புப் பயிற்சி ஸ்லைடு இது. முழுக்க இங்கிலீஷ். எங்க சரக்கு வாங்குற வெளிநாட்டுப் பார்ட்டி பார்வையிட வந்து, ஒரு அக்காவை நிறுத்தி, இந்தச் சிவப்புப் பட்டன் எதுக்குன்னு கேட்டாங்க. அவங்களுக்குத் தெரியல. பக்கத்துல நின்னவருக்கும் தெரியல. ரெண்டு மாசத்துல திரும்ப வருவாங்க. தமிழிலும் இந்தியிலும் வேணும். படம் கூடுதலா, எழுத்து கம்மியா. செய், செய்யாதே, அவ்வளவுதான்."

"எந்தக் கம்பெனி?" என்று கேட்டேன்.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு ரப்பர் பாய்க் கம்பெனி. அவர் பெயரைச் சொன்னதும் என் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. நான் யாருடைய மனைவி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னிடம் வந்திருக்க மாட்டார், அல்லது தயங்கியிருப்பார். நான் சொல்லவில்லை.

"செய்யலாம்," என்றேன். "எப்ப வேணும்?"

என் கணவர் அந்தக் கம்பெனியில் பதினோரு வருடம் மில்லில் நின்றவர். மில் என்றால் இரண்டு பெரிய இரும்பு ரோல்கள், ஒன்றை நோக்கி ஒன்று சுற்றும். ரப்பரையும் பொடிகளையும் அதற்கிடையில் போட்டு, வெளியே வருகிற தகட்டை மடித்து மடித்துத் திரும்பப் போட வேண்டும். நிற்கிறவனுக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. கை உள்ளே இழுபட்டால் உடம்பு அந்தக் கம்பியில் போய் முட்டும், உடனே மோட்டார் நின்று பிரேக் பிடிக்கும். அது வேலை செய்தால் உயிரும் கையும் மிஞ்சும். ஆனால் சும்மா நிற்கும்போது முழங்கை பட்டாலும் நின்றுவிடும். நின்றால் ரப்பர் ஆறி இறுகும், திரும்ப ஓட்ட நேரம் பிடிக்கும். அதனால் மேனேஜர் ஒருநாள் வந்து, கம்பி அசையாதபடி ஒயர் போட்டுக் கட்டச் சொன்னார். என் கணவர் கட்டினார். நான்கு மாதம் கழித்து அவருடைய வலது கை உள்ளே போனது. கட்டை விரல் மட்டும் தப்பியது.

விசாரணைக்கு ஆள் வந்தபோது நானும் ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். மேனேஜர் ஒரு காகிதத்தைக் கொண்டு வந்திருந்தார். பாதுகாப்புப் பயிற்சி நடந்ததற்கான கையெழுத்துத் தாள். அதில் என் கணவரின் கையெழுத்து தமிழில் இருந்தது. அந்தப் பயிற்சி எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கிறார். இருட்டறையில் அரை மணி நேரம் இங்கிலீஷ் ஸ்லைடு ஓடியதாம், சாயாவும் பழம்பொரியும் கொடுத்தார்களாம், போகும்போது கையெழுத்து வாங்கினார்களாம்.

வந்த ஆள் ஒரே கேள்விதான் கேட்டார். "கம்பிய ஆரு கெட்டினது?"

"நான்தான் சாறே," என்றார் என் கணவர். மருந்து மயக்கத்திலும் அவருக்குப் பொய் வராது.

ஆரு கெட்டச் சொன்னது என்று இரண்டாவது கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான் வாயைத் திறந்தேன். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "இந்த நேரத்துல நீங்க டென்ஷன் ஆவாண்டாம்," என்றார், மிகவும் அன்பாக. பயிற்சி பெற்ற தொழிலாளி, பாதுகாப்புக் கம்பியைத் தானே கட்டி வைத்திருந்தார், கவனக்குறைவு. அவ்வளவுதான் எழுதினார்கள். அந்த மூன்று சொல்துண்டுகளையும் ஆறு வருடமாக நான் தினமும் மனதுக்குள் மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறேன். எந்த மொழியில் போட்டாலும் அது பொய்யாகவே இருந்தது.

அந்த மேனேஜர் இன்னும் அங்கேதான் இருந்தார். இப்போது அவர் கம்பெனியின் ஸ்லைடு என் கையில்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் காட்டாக்கடைச் சந்தையில் ஒரு வாழைக்குலைக் கடையில் நிற்கிறார், பஸ் பிடித்து வந்து அப்போதுதான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்னு பறஞ்சிட்டு விடு, எட்டி," என்றார். "அவனுவளுக்க சோலி நமக்கு எதுக்கு?"

"நான் எடுத்தாச்சு."

"எதுக்கு எடுத்த?"

"எனக்கு அந்த ஆள விடப்பிடாது. அதுக்காக்கும்."

அவர் சட்டையைக் கொடியில் போட்டார். பிறகு, "காட்டு, அதுல என்ன இருக்குன்னு பாப்போம்," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நாற்பத்திரண்டு ஸ்லைடு. ஒவ்வொன்றிலும் ஏழெட்டு வரி. முதல் பத்து கம்பெனியின் கொள்கை, லட்சியம், சிரிக்கிற முகங்கள். எங்கோ வாங்கிய ஸ்லைடை இங்கே பெயர் மாற்றிப் போட்டிருந்தார்கள். மில்லைப் பற்றி வருகிற இடத்தில் நீல வட்டத்துக்குள் ஒரு கையுறைப் படம், கையுறை அணிய வேண்டும் என்று எழுத்து. அதைப் பார்த்ததும் என் கணவர் முன்னால் குனிந்தார்.

"இது ஆரு போட்டது? மில்லுல கையுறை போட்டா, துணி நுனியில பிடிச்சு கைய அப்படியே கொண்டுபோவும். முழுக்கைச் சட்டையே போடப்பிடாது. கெமிக்கல் தூக்குதவனுக்குக் கையுறை வேணும், சரி. மில்லுக்கு வேண்டா."

நான் ஒரு நோட்டை எடுத்து, அதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று எழுதி, அதை முதல் கேள்வியாகப் போட்டேன். அந்த நோட்டுத்தான் பிறகு எல்லாவற்றையும் செய்தது.

வேலை பத்து நாள் பிடித்தது. நாற்பத்திரண்டைப் பதினாறாகக் குறைத்தேன். ஒரு ஸ்லைடில் ஒரு விஷயம், ஒரு படம், தமிழில் ஒரு வரி, இந்தியில் ஒரு வரி. தமிழ் வரி நாலு சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். தமிழ் எழுத்து இங்கிலீஷைவிட இடம் அதிகம் கேட்கும், பெட்டிக்கு வெளியே வழியும், எழுத்தைச் சின்னதாக்கினால் பின் வரிசைக்குத் தெரியாது. அதனால் சொல்லைத்தான் குறைக்க வேண்டும். தடுக்கிற படம் என்றால் சிவப்பு வட்டம், குறுக்கே ஒரு கோடு. கட்டாயம் செய்ய வேண்டியது நீல வட்டம். ஆபத்து என்றால் மஞ்சள் முக்கோணம். வெளியேறும் வழியும் முதலுதவியும் பச்சை. சிவப்புக் கோடு கையை மறைத்துவிட்டால் படம் புரியாது, ஆகவே கோட்டைக் கைக்குப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது.

இரண்டு ரோலும் சேருகிற இடத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருந்தது. அகராதியைத் திறக்கப் போனேன். "ரோலுக்க வாய்னுதான் நாங்க சொல்லுவோம்," என்றார் கணவர். அப்படியே எழுதினேன். ரோல் வாயில் கை விடாதே. இந்தியில், ரோல் கே பீச் ஹாத் மத் டாலோ. படத்துக்கு அவருடைய இடது கையைத்தான் போட்டோ எடுத்தேன். ரொட்டி தேய்க்கிற கட்டையும் ஒரு பி.வி.சி. குழாயும் ரோல்களாக, மேசை விளிம்பில் வைத்து, கை எங்கே வரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று அவர் காட்டக் காட்ட எடுத்தேன். அதன் மேல் கோடு வரைந்து படமாக்கினேன். வேலை செய்யும்போது அவர் கோபமாகவே இல்லை. மில்லில் நிற்கிற ஆளுக்குச் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் ஒவ்வொரு கோடு போடும்போதும் அந்த மேனேஜரின் முகம் வந்தது.

பதினான்காவது ஸ்லைடில் மாட்டிக்கொண்டேன். பாதுகாப்புச் சாதனங்கள் செயலிழக்கச் செய்யப்படக் கூடாது. இங்கிலீஷில் அந்த வாக்கியத்தின் அமைப்பு இதுதான். செய்கிறவன் யார் என்று அதில் இல்லை. யாரும் செய்யாமல், தானாகவே நடந்துவிடுகிற ஒரு காரியம்போல இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது கட்டளை. கட்டளை என்றால் எதிரே ஒரு ஆள் வேண்டும். கம்பியைக் கட்டாதே என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால், அந்தச் சொல் நேராக என் கணவரைக் கைகாட்டியது. கட்டியது அவர்தானே. அந்த விசாரணைத் தாளை நானே திரும்ப எழுதிவிட்டதுபோல் எனக்கு உடம்பு எரிந்தது.

அழித்துவிட்டு, கட்டச் சொல்லாதே என்று அடித்தேன்.

இந்தியில் அது இன்னும் வசதி. மத் பாந்தோ என்றால் கட்டாதே. மத் பந்த்வாவோ என்றால் பிறரைக் கொண்டு கட்டவைக்காதே. இரண்டு எழுத்து நடுவில் வந்தால் போதும், குற்றம் ஆள் மாறிவிடும். அந்தச் சொல்லைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஆறு வருடத்தில் எனக்கு இவ்வளவு ருசியாக ஒன்றும் கிடைத்ததில்லை.

கேள்வி நோட்டில் எழுதினேன்: ஸ்லைடு பதினான்கு. இந்தக் கட்டளை யாருக்கு? தொழிலாளிக்கா, மேல் அதிகாரிக்கா? கம்பியைக் கட்டுகிறவர் யார், கட்டச் சொல்கிறவர் யார்? தெரிந்தால்தான் வினைச்சொல் போட முடியும்.

மனதில் பழியோடு எழுதிய கேள்விதான். ஆனால் எந்த மொழிபெயர்ப்பாளரும் கேட்கக்கூடிய கேள்வி அது. யாரும் என்னைப் பிழை சொல்ல முடியாது.

அதிகாரி கடைக்கு வந்து நோட்டைப் படித்தார். கையுறைக் கேள்வியைப் படித்து, "இது பெரிய தப்பு, நல்லவேளை," என்றார். பதினான்காவதில் நின்றார்.

"அங்கே ஒயர் கட்டியிருக்கிறதை நான் பார்க்கலையே."

"நீங்க பார்வைக்கு வரும்போ அவுத்து வைப்பாங்களா இருக்கும்," என்றேன்.

"சேச்சிக்கு எப்படித் தெரியும்?"

அப்போது சொன்னேன். என் கணவர் யார், கை எப்படிப் போனது, தாளில் என்ன எழுதினார்கள். அவர் முகம் மாறியது. ஸ்லைடைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் நோட்டை மூடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, "படம் புரிகிறதா என்று தொழிலாளிகளிடம் காட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? நாளைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வாருங்கள். சொல்லாமல் வாருங்கள்," என்றார்.

மறுநாள் படங்களை எழுத்தில்லாமல் தனித்தனித் தாளில் அச்சடித்துக்கொண்டு போனேன். அதுதான் முறை. படத்தை மட்டும் காட்டி, இது என்ன சொல்லுது என்று கேட்க வேண்டும், நாம் உதவக் கூடாது. பதினான்காவதுக்கு இரண்டு படம் வைத்திருந்தேன். ஒன்றில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஆள் கம்பியில் ஒயர் கட்டுகிறார். இன்னொன்றில் அதே ஆள் கட்டுகிறார், பக்கத்தில் வெள்ளை ஹெல்மெட் போட்ட ஒருவர் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கம்பெனியில் மஞ்சள் தொழிலாளிக்கு, வெள்ளை ஆபீஸ்காரர்களுக்கு.

கேன்டீனில் ஊரம்புப் பக்கத்திலிருந்தும் பளுகலிலிருந்தும் வருகிற பெண்கள் நாலைந்து பேர் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். மில்லிலும், பாய் அழுத்துகிற பிரஸ்ஸிலும் நிற்கிற ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் மூன்று பேரும் இருந்தார்கள். முதலில் காது மூடியின் படத்தைக் காட்டினேன்.

"பாட்டு கேக்கலாம்னு இருக்கு," என்றாள் ஒரு அக்கா.

பச்சையில் ஓடுகிற ஆளைக் காட்டினேன். "ஆரோ துரத்துதாவ," என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். கதவும் அம்பும் சேர்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டேன். ரோல் வாய் படத்தைக் காட்டியதும் யாரும் சிரிக்கவில்லை. "கை போவும்," என்றார்கள், தமிழிலும் இந்தியிலும் ஒரே மூச்சில். எழுத்து வரிகளையும் வாசித்துக் காட்டினேன். தொடாதே, நிறுத்து என்று முதலில் எழுதியதை, பெரியவர்களும் வாசிப்பார்களே என்று தொடாதீர்கள், நிறுத்துங்கள் என மரியாதையாக மாற்றியிருந்தேன்.

"இவ்வளவு நீளம் எதுக்கு மைனி? தொடாதேன்னு போடுங்க. மெஷின் ஓடும்போ வாசிக்க நேரம் உண்டா?"

அதுவும் சரிதான். தொழிலாளிக்குத் தொடாதே என்றால், பதினான்காவதில் மேல் அதிகாரிக்கும் சொல்லாதே என்றுதான் வரும். எல்லா ஸ்லைடும் ஒரே நடையில் இருக்க வேண்டுமல்லவா. இந்த ஒரு நியாயம் எனக்குள் எவ்வளவு இனித்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்போதுதான் மேனேஜர் உள்ளே வந்தார். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து, ஒரு நொடி தடுமாறி, "எந்தா இது, ஆரு உள்ள விட்டது?" என்று அதிகாரியைக் கேட்டார்.

"நான்தான் சார். படம் சோதிக்கிறோம்," என்றார் அதிகாரி. என் பக்கம் திரும்பி, "அடுத்தது," என்றார்.

நான் பதினான்காவதின் இரண்டு படங்களையும் மேசைமேல் வைத்தேன். மில்லில் நிற்கிற ஒடிசாக்காரரிடம் இந்தியில் கேட்டேன். "இதுல எது இங்கே நடக்குது?"

நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. சோற்றுக் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு படங்களைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். பிறகு இடது கையின் ஒரு விரலை எடுத்து வெள்ளை ஹெல்மெட் இருந்த படத்தின் மேல் வைத்தார்.

பெண்களில் ஒருத்தி, "அதாக்கும் சரி," என்றாள் மெல்ல.

"இது ஆரு வரச்ச படம்? இதெல்லாம் வேண்டாத்த சோலி," என்றார் மேனேஜர்.

"மில்லைப் பார்த்துவிட்டு வரலாம் சார்," என்றார் அதிகாரி.

நானும் பின்னால் போனேன். மேனேஜர் தடுப்பார் என்று பார்த்தேன், தடுக்கவில்லை. மில் ஓய்ந்திருந்தது. குறுக்குக் கம்பியின் இரண்டு பக்கமும் ஒயர் சுற்றியிருந்தது. பச்சை ஒயர், பல முறுக்கு. என் கணவர் கட்டியது கறுப்பு ஒயர் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு வருடத்தில் எத்தனை பேர் எத்தனை ஒயர் மாற்றிக் கட்டியிருப்பார்களோ.

அதிகாரி போட்டோ எடுத்தார். மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டார். பட்டனை அழுத்தி, மெஷின் ஓடவில்லை என்று உறுதி செய்தார். என் பன்னிரண்டாவது ஸ்லைடு அதுதான்: அணை, பூட்டு, சாவியெடு, அழுத்திப்பார். பிறகு மேனேஜரிடம் கட்டிங் பிளேயரை நீட்டினார்.

"சார், இதை அவுத்து விடுங்க."

"ஃபிட்டரைக் கூப்பிடு."

"கட்டச் சொன்னது நீங்களா இருந்தா அவுக்கிறதும் நீங்களா இருக்கணும் சார். நான் ரிப்போர்ட்டுல அப்படித்தான் எழுதப் போறேன்."

அவர் குனிந்து அறுத்தார். வெள்ளைச் சட்டையின் கையில் மில்லின் கறுப்பு ஒட்டியது. முதல் துண்டு அறுந்து கீழே விழுந்தபோது, கேன்டீன் வாசலில் நின்ற பெண்களில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு துண்டு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் வந்து சொன்னபோது கணவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த விரல் வச்ச மனுசனுக்குச் சோலி உண்டா இப்போ?" என்பதுதான்.

"எதுக்குப் போவப்போவுது?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நீ ஒனக்க கோவத்துக்கு அவனுக்க கைய எடுத்து வச்சுட்ட."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னபடியே நடந்தது. மூன்றாம் நாள் அந்த ஒடிசாக்காரரை மில்லிலிருந்து மாற்றி, பாய்லருக்கு விறகு இறக்கப் போட்டுவிட்டார்கள். கேன்டீனில் என்னிடம் பேசிய அக்கா கடைக்கு வந்து சொன்னாள். மேனேஜரின் முகத்துக்கு நேராக நீட்ட எனக்கு ஒரு விரல் வேண்டியிருந்தது, அதற்கு வீட்டில் மூன்று குழந்தைகள் உள்ள ஒரு ஆளின் விரலை எடுத்துக்கொண்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பெயர் தெரியாமல் சீட்டில் குறிக்கச் சொல்லியிருக்கலாம். மேனேஜர் எதிரே நிற்கும்போதுதான் எனக்குக் கேட்க வேண்டியிருந்தது.

அதிகாரியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. தொழிலாளிகளும் நிர்வாகமும் சமமாக உட்கார வேண்டிய பாதுகாப்புக் கமிட்டி ஒன்று அங்கே காகிதத்தில் மட்டும் இருந்தது. அதைக் கூட்டி, மில் பகுதியின் பிரதிநிதியாக அந்த ஒடிசாக்காரரையே சேர்க்க வைத்தார். வெளிநாட்டுப் பார்ட்டி கேட்டால் பேச வேண்டிய ஆள் அவர் என்று ஆனதும், பதினைந்து நாளில் மில்லுக்குத் திரும்ப வந்தார். அந்தப் பதினைந்து நாளும் அவர் சுமந்த விறகு என் கணக்கில்தான் வரும்.

பயிற்சி நாளன்று என்னையும் கூப்பிட்டார்கள். இருட்டறை இல்லை, மில்லுக்குப் பக்கத்திலேயே திரை வைத்திருந்தார்கள். பதினாறு ஸ்லைடு. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒருவர் எழுந்து வந்து அதைச் செய்து காட்ட வேண்டும். செய்து காட்டியவர் மட்டும் கையெழுத்துப் போட வேண்டும். பதினான்காவது வந்தது. வெள்ளை ஹெல்மெட், நீட்டிய விரல், சிவப்பு வட்டம், குறுக்கே கோடு. அந்த ஸ்லைடை மேனேஜர்தான் வாசிக்க வேண்டும் என்று அதிகாரி முன்பே சொல்லியிருந்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.

"கட்ட... சொல்..."

"கட்டச் சொல்லாதே," என்றேன் நான், பின்னாலிருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் திரும்பச் சொன்னார். "கட்டச் சொல்லாதே."

"இந்தி," என்றார் அதிகாரி.

"நீங்களே பறயுங்கோ," என்றார் என்னிடம். அவர் குரலில் காற்று இல்லை.

"மத் பந்த்வாவோ," என்றேன். அவர் சொல்லும் வரை காத்திருந்து, உச்சரிப்புச் சரியில்லை என்று இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். எனக்கு அது இரண்டு தடவை வேண்டும்.

பிறகு மில்லை வெறுமனே ஓட்டி, அந்த ஒடிசாக்காரர் கம்பியைத் தன் இடுப்பால் முட்டினார். ரோல்கள் நின்றன. கடைசியில் செய்து காட்டியவர்களெல்லாம் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜரும் போட்டார். பயிற்சி பெற்றவர் என்ற பத்தியில், தொழிலாளிகளின் பெயர்களுக்கு நடுவே. நான் அதை அதிகாரியின் அனுமதியோடு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இனி அங்கே ஒரு கை போனால், இந்தத் தாளையும் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவார்கள். கொண்டு வராவிட்டால் நான் கொண்டு போவேன்.

பழைய விசாரணையைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். முடிந்துபோன ஃபைல் என்றார் அதிகாரி, வருத்தத்தோடு. கவனக்குறைவு என்ற சொல் என் கணவரின் பெயருக்குப் பக்கத்தில் அப்படியேதான் இருக்கிறது. மேனேஜரின் வேலையும் போகவில்லை. வெளிநாட்டுப் பார்ட்டி வந்து திருப்தியாகப் போன பிறகு, அவரைச் சத்தமில்லாமல் கம்பெனியின் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். போகிற அன்று ஏதோ விருந்துகூட நடந்ததாம்.

"மனசு ஆறிச்சா இப்போ?" என்று கணவர் ஒருநாள் கேட்டார். கடையில் எனக்குத் துணையாக ஜெராக்ஸ் தாளை அடுக்கிக்கொண்டிருந்தார், இடது கையால்.

"இல்ல," என்றேன்.

"ரோலு நின்னுதுல்லா?"

"நின்னுது."

"அப்ப போதும்."

அவருக்குப் போதும். போன மாதம் அதிகாரி மறுபடி வந்தார். மற்ற யூனிட்டுகளுக்கும் இதே ஸ்லைடு வேண்டுமாம், மெஷின் படங்களை மட்டும் மாற்ற வேண்டுமாம். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். மேனேஜர் போயிருக்கிற யூனிட்டும் அதில் இருந்தது. அங்கே இருப்பது மில் அல்ல, பிரஸ். பிரஸ்ஸின் முன்கதவு திறந்திருந்தால் மெஷின் இயங்காது. அந்தக் கதவின் சுவிட்சில் டேப் ஒட்டி ஏமாற்றுவார்கள் என்று கணவர் சொன்னார்.

மற்ற ஸ்லைடுகளைத் தொடுவதற்கு முன்னால், பதினான்காவதைத்தான் முதலில் செய்தேன். வெள்ளை ஹெல்மெட்டைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். கீழே எழுதினேன்: டேப் ஒட்டச் சொல்லாதே.